ஆட்டோபே சந்தா: ஒப்புதல், வரம்பு, ரத்து – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சந்தாப் பணம் தானாகப் போவதைப் பற்றி உறவினர்களும் அலுவலக நண்பர்களும் திரும்பத் திரும்பக் கேட்ட சந்தேகங்களின் தொகுப்பு இது. கேள்விகளை அவர்கள் கேட்டபடியே வைத்திருக்கிறேன். பெரும்பாலான பதில்கள் யுபிஐ ஆட்டோபே பற்றியவை. கார்டில் விஷயம் வேறுபடும் இடத்தில் அதைத் தனியாகச் சொல்லியிருக்கிறேன்.

ஒரே ஒரு தடவைதான் பின் போட்டேன். அப்புறம் எப்படி மாதாமாதம் தானாகப் போகிறது?

அன்று நீங்கள் பின் போட்டது அன்றைய தொகைக்காக மட்டும் இல்லை. “இந்த நிறுவனம், இத்தனை ரூபாய் வரை, இத்தனை நாளுக்கு ஒருமுறை, இந்தத் தேதி வரைக்கும் என் கணக்கிலிருந்து எடுத்துக்கொள்ளலாம்” என்று உங்கள் வங்கிக்கு ஒரு நிலையான அனுமதியும் கொடுத்திருக்கிறீர்கள். அந்த அனுமதிதான் மேண்டேட். அதன் பிறகு வரும் ஒவ்வொரு தவணையும் அந்த அனுமதிக்குள் அடங்கினால் உங்களை மறுபடி பின் கேட்க மாட்டார்கள்.

கார்டுகளுக்கு இந்த ஏற்பாட்டை ரிசர்வ் வங்கி 2019 ஆகஸ்டில் விதியாக்கியது. 2020 ஜனவரியில் யுபிஐ-க்கும் நீட்டித்தது. அதே ஆண்டு ஜூலையில் தேசியப் பணம் செலுத்தல் கழகம், அதாவது என்பிசிஐ, யுபிஐ ஆட்டோபேயைக் கொண்டுவந்தது. 2021 அக்டோபர் 1 முதல், இந்த விதிப்படி பதிவாகாத பழைய கார்டு சந்தாக்கள் நின்றுபோயின. அப்போது பலருக்கு ஓடிடி திடீரென்று ஓடாமல் போனது இதனால்தான்.

பின் போடும் திரையில் எதைப் பார்க்க வேண்டும்? அவசரத்தில் நான் எதையும் படிப்பதில்லை.

நான்கு விஷயம் போதும். பணம் யாருக்குப் போகிறது, எவ்வளவு, எத்தனை நாளுக்கு ஒருமுறை, எந்தத் தேதி வரை. இந்த நான்கும் பின் கேட்பதற்கு முந்தைய திரையில் இருக்கும். சில ஆப்களில் கீழ்நோக்கிய சிறிய அம்புக்குறியைத் தொட்டால்தான் விரியும்.

தொகையைப் பார்க்கும்போது அது நிலையான தொகையா, உச்சவரம்பா என்று கவனியுங்கள். நிலையான தொகை என்றால் ஒவ்வொரு தடவையும் அதே தொகைதான் எடுக்கலாம். உச்சவரம்பு என்றால் அதற்குள் எவ்வளவு வேண்டுமானாலும் எடுக்கலாம். திரையில் தொகைக்கு முன்னால் `Up to` என்று இருந்தால் அது உச்சவரம்பு. முடிவுத் தேதியையும் விட்டுவிடாதீர்கள். ஒரு வருடச் சந்தாதானே என்று நினைத்துப் பின் போட்டவர்களின் மேண்டேட்டில் இருபது, முப்பது வருடம் தள்ளி ஒரு தேதி இருப்பது சர்வசாதாரணம்.

199 ரூபாய் சந்தாவுக்கு ஏன் 5,000 ரூபாய் வரை அனுமதி கேட்கிறார்கள்? இது ஏமாற்று வேலையா?

அதை வைத்து மட்டும் ஏமாற்று என்று சொல்லிவிட முடியாது. நாளைக்கு விலை 249 ஆகலாம். நீங்களே மாதச் சந்தாவை வருடச் சந்தாவாக மாற்றலாம். மேண்டேட் 199-க்கு மட்டும் இருந்தால் அப்போதெல்லாம் உங்களிடம் புதிதாக ஒப்புதல் வாங்க வேண்டியிருக்கும். அந்த வேலையைத் தவிர்க்கத்தான் பெரிய வரம்பாகப் போட்டு வைக்கிறார்கள்.

ஆனால் அந்த வசதி அவர்களுக்குத்தான். விலை ஏறும்போது உங்களிடம் பின் கேட்கும் அந்த ஒரு தருணம் உங்களுக்குக் கிடைக்காது என்பதே அதன் அர்த்தம். இன்னொன்றையும் பலர் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். 5,000 என்பது மொத்த வரம்பு இல்லை, ஒவ்வொரு தடவைக்குமான வரம்பு. மாதம் ஒருமுறை என்று இருந்தால் ஒவ்வொரு மாதமும் 5,000 வரை எடுக்க அனுமதி இருக்கிறது.

தொகை மாறக்கூடிய மேண்டேட்டில் உச்சவரம்பை வாடிக்கையாளர் குறிப்பிட வழி இருக்க வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. நடைமுறையில் பெரும்பாலும் நிறுவனமே ஒரு தொகையை நிரப்பி அனுப்பிவிடுகிறது. அதை மாற்ற முடிந்தால் சந்தா விலையைவிடச் சற்றே கூடுதலாகக் குறைத்து வையுங்கள். முடியாவிட்டால், வரம்பு சந்தாவைப் போலப் பல மடங்கு இருக்கும் இடத்தில் ஆட்டோபே இல்லாமல் அந்த மாதத்துக்கு மட்டும் கட்டும் வழி இருக்கிறதா என்று பாருங்கள். பல சேவைகளில் இருக்கிறது, கண்ணில் படும் இடத்தில்தான் இருக்காது.

15,000 ரூபாய்க்கு மேல் தானாகப் போகாது என்கிறார்களே. அப்படியென்றால் என் இன்சூரன்ஸ் பிரீமியம் 40,000 எப்படிப் போனது?

இரண்டும் சரிதான். பின் அல்லது ஓடிபி இல்லாமல் எடுக்கக்கூடிய தொகைக்கு ரிசர்வ் வங்கி வைத்திருக்கும் பொது வரம்பு 15,000. தொடக்கத்தில் 2,000 ஆக இருந்தது, 2021-ல் 5,000 ஆகி, 2022 ஜூனில் 15,000 ஆனது. 2023 டிசம்பரில் மூன்று வகைக்கு மட்டும் ஒரு லட்சம் வரை உயர்த்தினார்கள்: இன்சூரன்ஸ் பிரீமியம், மியூச்சுவல் ஃபண்ட், கிரெடிட் கார்டு பில். உங்கள் 40,000 அந்த வழியில் போனது.

ஓடிடி, செய்தித்தாள், ஜிம், ஆன்லைன் வகுப்பு எல்லாம் 15,000 வரம்புக்குள் வருபவை. அதற்கு மேற்பட்ட தவணை என்றால் ஒவ்வொரு தடவையும் நீங்கள் தனியாக ஒப்புதல் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் போகாது.

பணம் எடுப்பதற்கு முன்னால் மெசேஜ் வரும் என்றார்கள். எனக்கு வந்ததே இல்லை.

வர வேண்டும். குறைந்தது 24 மணி நேரத்துக்கு முன்னால், நிறுவனத்தின் பெயர், தொகை, தேதி, எதற்காக என்ற விவரத்தோடு அறிவிப்பு அனுப்ப வேண்டும் என்பது விதி. அந்த ஒரு தவணையை மட்டும் வேண்டாம் என்றோ, மேண்டேட்டையே வேண்டாம் என்றோ சொல்லவும் வழி தர வேண்டும். பணம் போன பிறகும் ஓர் அறிவிப்பு வர வேண்டும். ஃபாஸ்டாக்கில் இருப்பு குறையும்போது தானாக நிரப்பும் மேண்டேட்டுக்கு முன்னறிவிப்பு தேவையில்லை என்று 2024-ல் விலக்கு கொடுத்தார்கள். டோல் எப்போது வரும் என்று முன்கூட்டியே சொல்ல முடியாதல்லவா.

வரவில்லை என்று என்னிடம் சொன்னவர்களில் பலருக்கு அது வந்துதான் இருந்தது. யுபிஐ ஆப்பின் நோட்டிஃபிகேஷனை அணைத்து வைத்திருந்தார்கள், அல்லது வங்கியில் பழைய மொபைல் எண்ணோ மின்னஞ்சலோ பதிவாகியிருந்தது. விளம்பர எஸ்எம்எஸ்களோடு கலந்துபோவதும் உண்டு. முதலில் இவற்றைச் சரிபாருங்கள். உண்மையிலேயே வரவில்லை என்றால் வங்கியிடம் எழுத்தில் புகார் கொடுக்கலாம், அதன் வழி கீழே இருக்கிறது.

ஒரு ரூபாய் ட்ரையல் என்று போட்டிருந்தது. மூன்று நாளில் 499 போய்விட்டது. எப்படி?

இதுதான் நான் அதிகம் கேட்ட கேள்வி, அதனால் நிதானமாகப் பார்ப்போம். வியாழன் இரவு 8 மணிக்கு ஒரு வீடியோ ஆப்பில் மூன்று நாள் ட்ரையலுக்கு ஒரு ரூபாய் கட்டுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். பின் கேட்கும் திரையில் பெரிய எழுத்தில் இருப்பது ஒரு ரூபாய். அதன் கீழே சிறியதாக, மாதம் ஒருமுறை 499 வரை, இன்ன தேதி வரை என்று இருக்கும். நீங்கள் போட்ட ஒரே பின் அன்றைய ஒரு ரூபாய்க்கும் கீழே இருந்த 499 மேண்டேட்டுக்கும் சேர்த்துத்தான்.

ட்ரையல் ஞாயிறு இரவு 8 மணிக்கு முடிகிறது. நெரிசல் நேரமான காலை 10 முதல் மதியம் 1 வரையும், மாலை 5 முதல் இரவு 9.30 வரையும் ஆட்டோபே பணம் எடுக்கக் கூடாது என்று 2025 ஆகஸ்ட் முதல் என்பிசிஐ கட்டுப்பாடு வைத்திருக்கிறது. ஆகவே 499 ஞாயிறு இரவு 9.30-க்குப் பிறகு எடுக்கப்படும். அதற்கு 24 மணி நேரம் முன்னால், அதாவது சனி இரவுக்குள், முன்னறிவிப்பு வந்திருக்க வேண்டும். உங்கள் கையில் இருக்கும் அவகாசம் சனி இரவிலிருந்து ஞாயிறு இரவு வரை. வார விடுமுறையில் அந்த எஸ்எம்எஸ்ஸைப் பார்க்காமல் விட்டால் அவ்வளவுதான், மேண்டேட்டின்படி அது முறையாக எடுத்த பணம்.

அதனால் என் யோசனை இது. ட்ரையலில் சேர்ந்த அன்றே, அடுத்த பத்து நிமிடத்தில், மேண்டேட்டை ரத்து செய்துவிடுங்கள். கட்டிய ஒரு ரூபாய்க்கான நாட்கள் பெரும்பாலும் அப்படியே ஓடும். சில ஆப்கள் உடனே சேவையை நிறுத்திவிடும், போகட்டும், போனது ஒரு ரூபாய்தான். சேர்வதை எளிதாக்கிவிட்டு விலகுவதைக் கடினமாக்கும் இந்தத் தந்திரத்தை, 2023 நவம்பரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் வெளியிட்ட வழிகாட்டுதல், தடை செய்யப்பட்ட 13 வகை ஏமாற்று வடிவமைப்புகளில் ஒன்றாகச் சேர்த்திருக்கிறது. விலகும் வழியே தராமல் மறைத்திருந்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லலாம்.

ஆப்பையே அழித்துவிட்டேன். அது போதாதா?

போதாது. சந்தா என்பது உங்களுக்கும் அந்த நிறுவனத்துக்கும் நடுவில் இருப்பது. மேண்டேட் உங்கள் வங்கியில் இருப்பது. போனிலிருந்து ஆப்பை அழித்தால் இரண்டில் எதுவும் அசையாது. யுபிஐ ஆப்பை அழித்தாலும் இதே கதைதான், ஏனென்றால் மேண்டேட் போனில் பதிவாகவில்லை.

சரி, எப்படி ரத்து செய்வது? படிப்படியாகச் சொல்லுங்கள்.

முதலில் அந்த நிறுவனத்தின் ஆப்பிலோ தளத்திலோ போய்ச் சந்தாவை ரத்து செய்யுங்கள். உறுதிசெய்யும் திரையை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். அப்புறம் யுபிஐ ஆப்பில் உங்கள் புரொஃபைல் பக்கத்துக்குப் போனால் `Autopay` அல்லது `Mandates` என்று ஒரு பகுதி இருக்கும். அதில் நிறுவனத்தின் பெயரைத் தொட்டு `Cancel` அல்லது `Revoke` கொடுத்து, பின் போட வேண்டும். ரத்து செய்யவும் பின் கேட்பதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். விதியே அப்படித்தான், பணம் எதுவும் போகாது. முடிந்ததும் அந்த மேண்டேட் முடிந்தவை பட்டியலுக்கு நகர்ந்துவிட்டதா என்று பாருங்கள்.

கார்டில் கொடுத்த மேண்டேட் யுபிஐ ஆப்பில் தெரியாது. கார்டு கொடுத்த வங்கியின் ஆப்பிலோ நெட்பேங்கிங்கிலோ இ-மேண்டேட் பகுதியில் ஓடிபி போட்டு ரத்து செய்யலாம். எப்போது வேண்டுமானாலும் ரத்து செய்யும் ஆன்லைன் வசதியை வங்கி தந்தே ஆக வேண்டும். மேண்டேட் வசதிக்காக உங்களிடம் கட்டணம் வாங்கவும் கூடாது.

இரண்டு ரத்தும் ஏன் என்றால், மேண்டேட்டை மட்டும் ரத்து செய்தால் பணம் நிற்கும், கணக்குத் தீராமல் இருக்கலாம். ஓடிடி போன்றவற்றில் சேவை தானாக நின்றுவிடும், பிரச்சினை இல்லை. ஆறு மாத ஒப்பந்தம் போட்ட ஜிம் என்றால் பாக்கி இருக்கிறது என்று கேட்பார்கள்.

எந்த ஆப்பில் ஒப்புதல் கொடுத்தேன் என்றே நினைவில்லை. எப்படிக் கண்டுபிடிப்பது?

வங்கி ஸ்டேட்மென்டிலோ முன்னறிவிப்பிலோ மேண்டேட் எண் இருந்தால் அதிலேயே விடை இருக்கிறது. ஒவ்வொரு யுபிஐ மேண்டேட்டுக்கும் யுஎம்என் என்று தனி எண் உண்டு. நீளமான எழுத்துகளும் எண்களும் வந்து, கடைசியில் யுபிஐ ஐடியில் இருப்பது போலவே ஒரு பகுதி இருக்கும். அது `@ybl` என்று முடிந்தால் போன்பே, `@ok` என்று தொடங்கினால் கூகுள் பே, `@upi` என்றால் பீம்.

எண்ணும் கிடைக்கவில்லை என்றால், எல்லா ஆப்களிலும் கொடுத்த மேண்டேட்களை ஒரே இடத்தில் காட்டும் தளத்தை என்பிசிஐ `upihelp.npci.org.in` என்ற முகவரியில் வைத்திருக்கிறது. முகவரியை நீங்களே தட்டச்சு செய்து போங்கள். தேடுபொறியில் கிடைக்கும் உதவி எண்களை அழைத்து ரத்து செய்யச் சொல்ல வேண்டாம். அப்படி அழைத்துப் பின்னைச் சொல்லிப் பணத்தை இழந்தவர்கள் உண்டு.

ரத்துக்குப் பதிலாக `Pause` கொடுத்தால்?

நீங்கள் குறிப்பிட்ட தேதி வரைதான் நிற்கும், அப்புறம் தானாகத் தொடரும். ஒரு மாதம் ஊருக்குப் போகிறீர்கள் என்றால் சரி. வேண்டவே வேண்டாம் என்றால் ரத்துதான்.

கணக்கில் பணமே வைக்காமல் விட்டால் தானாக நின்றுவிடாதா?

நிற்காது. யுபிஐ-யில் ஒரு தவணைக்கு முதல் முயற்சியும் அது தோற்றால் மேலும் மூன்று முயற்சிகளும் செய்யலாம். நான்கும் தோற்றால் அந்தத் தவணைதான் தோற்றது, மேண்டேட் உயிரோடு இருக்கும், அடுத்த மாதம் மறுபடி வருவார்கள். நடுவில் சம்பளம் வந்த அன்று சரியாக எடுத்துவிட்டார்கள் என்று புலம்புபவர்கள் எல்லாம் இந்த வழியில் போனவர்களே. கடன் தவணை என்றால் இன்னும் மோசம். வங்கியின் அபராதமும் கடன் கொடுத்தவரின் அபராதமும் சேரும், கிரெடிட் ஸ்கோரும் அடிவாங்கும்.

போன் மாற்றினேன், கார்டும் புதிதாக வந்தது. பழைய மேண்டேட் என்ன ஆகும்?

போனை மாற்றுவதால் ஒன்றும் ஆகாது. கார்டு எண் மாறினால் பழைய எண்ணில் பதிவான மேண்டேட் பொதுவாக வேலை செய்யாது, சந்தா வேண்டும் என்றால் புதிய கார்டில் மறுபடி ஒப்புதல் கொடுக்க வேண்டும். இதை ரத்து செய்யும் வழியாக நம்பாதீர்கள். யுபிஐ மேண்டேட் கார்டோடு அல்ல, வங்கிக் கணக்கோடு இணைந்தது. டெபிட் கார்டை முடக்கினாலும் யுபிஐ மேண்டேட்டில் பணம் போய்க்கொண்டே இருக்கும்.

மாதம் ஒருமுறைதானே என்று நினைத்தேன். ஒரே மாதத்தில் இரண்டு தடவை எடுத்துவிட்டார்கள்.

மேண்டேட்டைத் திறந்து எத்தனை நாளுக்கு ஒருமுறை என்ற இடத்தைப் பாருங்கள். மாதம் என்று இருந்தால் ஒரு மாதத்தில் ஒரு தடவைதான் எடுக்க முடியும். அங்கே `As presented` என்று இருந்தால், நிறுவனம் எப்போது கேட்கிறதோ அப்போதெல்லாம் எடுக்கலாம் என்று அர்த்தம். உச்சவரம்பு ஒவ்வொரு தடவைக்கும் என்று மேலே சொன்னேன். இரண்டும் சேரும்போது எத்தனை தடவை என்பதற்கே எல்லை இருக்காது. மின்கட்டணம், வாலட் நிரப்புவது போன்ற தேதி நிச்சயமில்லாத விஷயங்களுக்கு இது தேவை. நிலையான விலையில் ஓடும் ஒரு சந்தாவுக்கு இது எதற்கு? அப்படிக் கேட்கும் நிறுவனத்துக்கு நான் பின் போட மாட்டேன்.

மாதம் என்றுதான் இருக்கிறது, ஆனாலும் இரண்டு தடவை போயிருக்கிறது என்றால், பட்டியலில் அதே பெயரில் இரண்டு மேண்டேட் இருக்கிறதா என்று பாருங்கள். முதல் தடவை பணம் சுற்றிக்கொண்டே இருந்ததால் மறுபடி பின் போட்டிருப்பீர்கள், இரண்டும் பதிவாகியிருக்கும்.

ரத்து செய்த பிறகும் பணம் போய்விட்டது. திரும்ப வாங்க முடியுமா?

முதலில் ரத்து செய்த நேரத்தையும் பணம் போன நேரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள். பணம் முதலில் போயிருந்தால் அது நிறுவனம் திருப்பித் தர வேண்டிய விஷயம். சந்தாவை ரத்து செய்த ஸ்கிரீன்ஷாட் இங்கேதான் உதவும். வங்கியால் இதில் அதிகம் செய்ய முடியாது, ஏனென்றால் அப்போது அனுமதி நடப்பில் இருந்தது. மேலே சொன்ன இரண்டாவது மேண்டேட் விஷயத்தையும் சரிபார்த்துவிடுங்கள்.

மேண்டேட் ரத்தான பிறகு அதே யுஎம்என்-னில் பணம் போயிருந்தால் பொறுப்பு வங்கியுடையது. யுபிஐ ஆப்பில் அந்தப் பரிவர்த்தனையைத் திறந்து புகார் பதியுங்கள், கூடவே வங்கிக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். அதில் யுஎம்என், ரத்தான நேரம், பணம் போன நேரம், தொகை இருந்தால் போதும். நீளமான கதை வேண்டாம். 30 நாளில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் சரியில்லை என்றாலோ `cms.rbi.org.in` தளத்தில் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளருக்குப் போகலாம். அதற்குக் கட்டணம் கிடையாது.

கடன் தவணையின் மேண்டேட்டில் ரத்து பட்டனே இல்லை. ஏன்?

யுபிஐ மேண்டேட்டை உருவாக்கும்போதே வாடிக்கையாளர் தன்னிச்சையாக ரத்து செய்ய முடியாதபடி அமைக்க வழி இருக்கிறது. கடன் கொடுப்பவர்கள் இதைப் பயன்படுத்துகிறார்கள். அங்கே ரத்துக்கான கோரிக்கை அவர்கள் பக்கத்திலிருந்து வர வேண்டும். பட்டியலிலேயே அந்த மேண்டேட் தெரியவில்லை என்றால் அது பெரும்பாலும் யுபிஐ இல்லை, வங்கிக் கணக்கில் நேரடியாகப் பதிவான இ-நாச். அதை நெட்பேங்கிங்கிலோ கிளையிலோதான் பார்க்க முடியும்.

கடன் முடிந்த பிறகும் மேண்டேட் இருந்தால் விட்டுவிடாதீர்கள். கடன் தீர்ந்ததற்கான சான்றிதழ் வாங்கும்போதே, மேண்டேட்டையும் ரத்து செய்துவிட்டதாக ஒரு மின்னஞ்சல் கேட்டு வாங்குங்கள். அடுத்த தவணைத் தேதி தாண்டியதும் மேண்டேட் பட்டியலை ஒருமுறை பாருங்கள். அது இன்னும் நடப்பில் இருந்தால் அந்தச் சான்றிதழோடு வங்கிக் கிளைக்கு எழுதிக் கொடுங்கள்.